ஆயாவுக்கு ஒரு வாரத்துக்கு ஒண்ணு!

வெள்ளிக்கிழமை சாயங்காலம். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் முண்டியடிச்சு ஏறி, பி.முட்லூர், புதுச்சத்திரம், ஆலப்பாக்கம்னு ஜன்னலோரம் காத்து வாங்கிட்டே கடலூர் வந்து இறங்குறீங்க. வீட்டுக்குள்ள கால் வைக்கிறதுக்குள்ள ஒரு குரல். ''தம்பி, இங்கிலீஷ்ல என்னமோ எழுதியிருக்கான். என்னன்னு படிச்சு சொல்லிட்டுப் போ.'' கையில் ஒரு மாத்திரை அட்டை.

நாமதான் வீட்டோட ஆஸ்தான மொழிபெயர்ப்பாளர் ஆச்சே! கரன்ட் பில்லு, பேங்க் லெட்டர், கல்யாணப் பத்திரிகைனு எதையும் விட்டு வைக்க மாட்டோம். மாத்திரை அட்டை மட்டும் என்ன பிரமாதமானு ஒரு பார்வை பார்த்துட்டு, அஞ்சு செகண்டில் பதிலைச் சொல்லிட்டு, குளிக்கப் போயிடுவோம்.

அந்த அஞ்சு செகண்டில் நான் பண்ணின ஒரு தப்பைத்தான் இப்ப உங்ககிட்ட சொல்லப் போறேன். இலக்கணப்படி அதில் ஒரு பிழையும் கிடையாது. ஆனா, இன்னும் நாலு நாள் யாரும் கவனிக்காம விட்டிருந்தா, என் ஆயா ஆஸ்பத்திரியில் இருந்திருப்பாங்க.

நாலு மாத்திரை, ஒரு சீட்டு

ஆயாவுக்கு எழுபத்திரெண்டு வயசு. மஞ்சக்குப்பத்தில் வீடு. சர்க்கரை ரொம்ப வருஷமா இருக்கு. கூடவே விரல் கணு எல்லாம் வீங்கி, காலையில் எழுந்ததும் கையை மடக்க முடியாத முடக்குவாதம். டாக்டர் பார்த்து எழுதிக்கொடுத்த சீட்டில் நாலு வரி இருந்துச்சு.

ஒண்ணு, மெட்ஃபார்மின் எஸ்.ஆர். 500 மில்லிகிராம். 1-0-1, பி.சி.

ரெண்டு, கிளிமிபிரைடு 1 மில்லிகிராம். 1-0-0, ஏ.சி.

மூணு, மெத்தோட்ரெக்ஸேட் 7.5 மில்லிகிராம். ஒன்ஸ் வீக்லி, சண்டே.

நாலு, ஃபோலிக் ஆசிட் 5 மில்லிகிராம். ஒன்ஸ் வீக்லி, வெட்னஸ்டே.

சனிக்கிழமை மெடிக்கலில் வாங்கிட்டு வந்து, ஒவ்வொரு அட்டையா எடுத்துக் காட்டினேன். மூணாவது அட்டை வந்தப்ப நான் சொன்னது இதுதான்: ''இது மூட்டுவலி மாத்திரை ஆயா. ஒரு வாரத்துக்கு ஒண்ணு.''

ஆயா 'ம்' கொட்டினாங்க. மறுநாள் ஞாயித்துக்கிழமை ஒண்ணு போட்டாங்க. திங்கட்கிழமை ஒண்ணு போட்டாங்க. செவ்வாய்க்கிழமை காலையில் அம்மா தற்செயலா அட்டையைப் பார்த்துட்டு, ''என்னடா ரெண்டு குழி காலியா இருக்கு?''னு ஹாஸ்டலுக்கு போன் போட்டாங்க. ஆயாகிட்ட கேட்டா பதில் பளிச்சுனு வந்துச்சு. ''தம்பிதான சொல்லிச்சு, ஒரு வாரத்துக்கு ஒண்ணு போடச் சொல்லி? ஒரு வாரத்துக்குத் தெனம் ஒண்ணு போட்டுட்டு நிறுத்திடலாம்னு இருந்தேன்.''

யோசிச்சுப் பாருங்க. ஆயா சொல்றதில் என்ன தப்பு? 'ஒரு வாரத்துக்கு மாத்திரை குடுத்திருக்கேன்'னு டாக்டர் சொன்னா என்ன அர்த்தம்? ஏழு நாளைக்குப் போடணும்னு அர்த்தம். 'ஒரு வாரத்துக்கு லீவு'ன்னா ஏழு நாளும் லீவு. அதே சொல்லை நான் 'வாரம் ஒரு முறை'ங்கிற அர்த்தத்தில் சொன்னேன். தமிழில் அந்த 'க்கு' ரெண்டு வேலையும் செய்யுது. எத்தனை நாள் ஓடணும்னும் சொல்லும், எத்தனை நாளைக்கு ஒரு தடவைன்னும் சொல்லும். இங்கிலீஷில் 'ஒன்ஸ் வீக்லி'ன்னா ஒரே அர்த்தம்தான். நான் தமிழுக்குக் கொண்டு வந்தப்ப அதுக்கு ரெண்டு அர்த்தம் வந்துடுச்சு. ஆயா, வழக்கமா மாத்திரை சாப்பிடுறவங்க எடுத்துக்கிற அர்த்தத்தை எடுத்துக்கிட்டாங்க.

ஏன் இந்த ஒரு மாத்திரைக்கு இவ்வளவு பயம்?

மெத்தோட்ரெக்ஸேட், செல்கள் பெருகுறதைத் தடுக்கிற மருந்து. பெரிய அளவில் புற்றுநோய்க்குக் கொடுப்பாங்க. சின்ன அளவில், வாரத்தில் ஒரே ஒரு நாள் கொடுத்தா, முடக்குவாதத்தில் உடம்பு தன்னைத் தானே தாக்கிக்கிறதை அடக்கி வைக்கும். உலகம் முழுக்க லட்சக்கணக்கான பேருக்கு இது நல்ல மருந்து. ஆனா, வாரம் ஒண்ணா இருக்கிற வரைக்கும்தான்.

இதையே தினமும் போட்டா, உடம்பில் வேகமா புதுசு புதுசா உருவாகிற செல்கள்தான் முதலில் அடி வாங்கும். வாய்க்குள்ள இருக்கிற மெல்லிய தோல், குடல், எலும்பு மஜ்ஜை. அதனால முதல் அறிகுறியே பெரும்பாலும் வாய்ப்புண். 'சூடு புடிச்சிருக்கு'ன்னு மணத்தக்காளிக் கீரை சமைச்சுக் கொடுத்துட்டு விட்டுடுவாங்க நம்ம வீட்டில். அடுத்து காய்ச்சல், தொண்டை வலி, காரணமில்லாம தோலில் கன்னிப்போன தடம், ரத்தக் கசிவு. ரத்த அணுக்கள் சரசரன்னு குறைஞ்சுடும். சிறுநீரகம் சரியா வேலை செய்யாதவங்களுக்கும் வயசானவங்களுக்கும் மருந்து உடம்பை விட்டு வெளியேறவே லேட்டாகும். உயிரே போன கேஸ்கள் பல நாடுகளில் பதிவாகியிருக்கு.

இது ஏதோ படிக்காதவங்க வீட்டுப் பிரச்னைன்னு நினைச்சுடாதீங்க. பிரிட்டனில், மருந்துகளைக் கண்காணிக்கிற அரசு அமைப்பு 2020 செப்டம்பரில் இந்த ஒரு தப்புக்காகவே தனியா ஓர் எச்சரிக்கை விட்டுச்சு. வாரம் ஒரு நாள் போட வேண்டியதைத் தினமும் போட்டு உயிருக்கு ஆபத்தாகுது, அதனால எந்தக் கிழமைன்னு சீட்டிலேயே முழுசா எழுதுங்கன்னு சொன்னாங்க. இங்கிலீஷையே தாய்மொழியா பேசுற ஊரிலேயே இந்தக் கதின்னா, நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் நுழையுற நம்ம வீட்டைக் கேட்கணுமா?

எங்க கதை நல்லபடியா முடிஞ்சுது. செவ்வாய்க்கிழமையே டாக்டருக்கு போன் பண்ணி, ஆயாவைக் கூட்டிட்டுப் போய் ரத்தப் பரிசோதனை எடுத்தோம். சில நாள் கழிச்சு மறுபடி எடுத்தோம். ரெண்டும் நார்மல். ரெண்டே மாத்திரையோட நின்னதால தப்பிச்சோம். ''ஏழு நாளும் போட்டிருந்தா கதையே வேற தம்பி''ன்னு டாக்டர் சொன்னப்ப, அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கே... அதை விடுங்க!

அட்டையில் இல்லாததை எப்படிப் படிப்பீங்க?

இப்ப உங்க வீட்டில் இருக்கிற மாத்திரை அட்டை ஒண்ணை எடுத்துப் பின்னாடி திருப்புங்க. மருந்தோட பேர் இருக்கும். எத்தனை மில்லிகிராம்னு இருக்கும். கம்பெனி, பேட்ச் நம்பர், தயாரிச்ச தேதி, காலாவதி தேதி, விலை எல்லாம் இருக்கும். டாக்டர் சீட்டு இல்லாம விற்கக் கூடாதுன்னு எச்சரிக்கை இருக்கும். 'டோசேஜ்'னு ஒரு வரி இருந்தா, அதுக்கு நேரா என்ன இருக்குன்னு பாருங்க. 'ஆஸ் டைரக்டட் பை த பிசிஷியன்'. அதாவது, 'டாக்டர் சொன்னபடி'!

ஆக, ஆயா நீட்டுற அட்டையில் அளவே கிடையாது. அதை எவ்வளவு அழகா மொழிபெயர்த்தாலும் 'டாக்டர் சொன்னபடி போடுங்க'ன்னுதான் வரும். அளவு இருக்கிறது டாக்டர் சீட்டில். அதை வெச்சு மெடிக்கலில் கவர் மேல எழுதிக் கொடுத்தா, அந்தக் கவரில். அதனால முதல் விதி இது: அட்டையை மட்டும் பார்த்து அளவு சொல்லாதீங்க. 500 மில்லிகிராம்னு போட்டிருக்கிறது அந்த ஒரு மாத்திரைக்குள்ள எவ்வளவு மருந்து இருக்குன்னு மட்டும்தான் சொல்லும். நாளைக்கு எவ்வளவு போடணும்னு சொல்லாது.

சீட்டில் இருக்கிற எழுத்துக்கள் பாதி லத்தீன். ஓ.டி.ன்னா நாளைக்கு ஒரு வேளை. பி.டி.ன்னா ரெண்டு வேளை. டி.டி.எஸ்.னா மூணு வேளை. ஏ.சி. சாப்பிடுறதுக்கு முன்னாடி, பி.சி. சாப்பிட்ட பிறகு. ஹெச்.எஸ். ராத்திரி தூங்கப் போறப்ப. எஸ்.ஓ.எஸ். தேவைப்பட்டா மட்டும். 1-0-1 மாதிரி இருந்தா காலை, மதியம், ராத்திரின்னு வரிசையா படிக்கணும். இதிலும் கண்ணி உண்டு. கண் டாக்டர் சீட்டில் ஓ.டி.ன்னா பெரும்பாலும் 'வலது கண்'ணுன்னு அர்த்தம்!

எழுத்து கோழி கிளறின மாதிரி இருந்தா? ஊகிக்கவே கூடாது. டாக்டர்கள் மருந்துப் பேரைத் தெளிவா, முடிஞ்சா பெரிய எழுத்தில் எழுதணும்னு இந்திய மருத்துவக் கவுன்சில் 2016-லயே விதி கொண்டு வந்தாச்சு. புரியலைன்னா திரும்பப் போய்க் கேட்கிறதில் வெட்கப்பட ஒண்ணுமே இல்லை. 'மண்டே'ன்னு அவசரமா எழுதினதை 'மார்னிங்'னு படிச்சா, வாராந்திர மாத்திரை தினசரி மாத்திரை ஆயிடும்.

கம்ப்யூட்டர் பண்ணின கூத்து

மொழிபெயர்ப்பில் மாட்டிக்கிட்டது நான் மட்டும் இல்லை. நியூயார்க்கில் பிராங்க்ஸ்னு ஒரு பகுதி. ஸ்பானிஷ் பேசுறவங்க அதிகம். அங்க மருந்துக் கடைகளில் கம்ப்யூட்டரே லேபிளை ஸ்பானிஷில் அடிச்சுக் கொடுத்துட்டிருந்துச்சு. இமான் ஷெரீஃப்ங்கிற குழந்தைகள் டாக்டரும் அவரோட சக ஆய்வாளரும் அந்த லேபிள்களைச் சோதிச்சு 2010-ல் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினாங்க. 76 லேபிள்களைப் பார்த்ததில் பாதியில் தப்பு. சிலதில் பாதி ஸ்பானிஷ், பாதி இங்கிலீஷ்.

இதில் எது பயங்கரம் தெரியுமா? இங்கிலீஷில் 'ஒன்ஸ்'னா ஒரு தடவை. அதே எழுத்துக்கள் ஸ்பானிஷில் 'பதினொண்ணு'! மொழிபெயர்க்காம அப்படியே விட்ட அந்த ஒரு சொல்லைப் படிக்கிறவர், நாளைக்கு ஒரு மாத்திரைக்குப் பதிலா பதினொண்ணு போட வேண்டி வரும்.

நம்ம ஊர் 'வாரத்துக்கு'வும் அவங்க ஊர் 'ஒன்ஸ்'ஸும் ஒரே ஜாதிதான். தெரியாத சொல் வந்தா நாம நின்னு யோசிப்போம். தெரிஞ்ச மாதிரியே இருக்கிற சொல்தான் காலை வாரும்.

சாப்பாடுன்னா என்ன சாமி?

இப்ப ரெண்டாவது மாத்திரைக்கு வருவோம். கிளிமிபிரைடு, ஏ.சி. 'சாப்பாட்டுக்கு முன்னாடி'. ரொம்ப ஈஸிதானே?

ஆயாவோட காலையைக் கொஞ்சம் பாருங்க. ஆறு மணிக்கு ஒரு டம்ளர் காபி. கோலம், குளியல், பூஜை. ஒன்பதரைக்கு ரெண்டு இட்லி. அதுக்குப் பேர் 'டிபன்' அல்லது 'பலகாரம்'. மதியம் ஒரு மணிக்கு சோறு. அதுக்குத்தான் பேர் 'சாப்பாடு'. இப்ப 'காலையில சாப்பாட்டுக்கு முன்னாடி'ன்னா ஆயா எப்ப போடுவாங்க? காபிக்கு முன்னாடியே போட்டுட்டு, மூணரை மணி நேரம் வெறும் வயித்தோட இருக்கலாம். இல்லை, சோத்துக்கு முன்னாடிதானேன்னு மதியம் வரைக்கும் தள்ளிப் போடலாம்.

இந்த மாத்திரை கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். உள்ளே போனதும் வேலையை ஆரம்பிச்சுடும். இட்லி வந்துச்சா, வரலையான்னு அதுக்குத் தெரியாது. ஆகாரம் வரலைன்னா சர்க்கரை தாழ்ந்துடும். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, தலைசுத்தல், பேச்சு தடுமாற்றம். வயசானவங்க என்றால் நேரா மயக்கமே வரலாம். விழுந்து இடுப்பு எலும்பு உடைஞ்சா அது தனிக் கதை.

அதனால நான் இப்ப சொல்றது: ''இட்லித் தட்டு கைக்கு வந்த பிறகு இந்த மாத்திரை. போட்டதும் சாப்பிடணும்.'' 'முன்னாடி'ங்கிற சொல்லையே எடுத்தாச்சு. அதுக்குப் பதிலா, கண்ணுக்குத் தெரியுற ஒரு பொருள் வந்தாச்சு. இந்த நேரத்தை நானா முடிவு பண்ணலை. ''காலை டிபனுக்குச் சரியா எவ்வளவு முன்னாடி?''ன்னு டாக்டர்கிட்ட கேட்டேன். உடனே முன்னாடி போட்டா போதும்னு அவர்தான் சொன்னார். வேற மாத்திரைக்கு அரை மணி நேரம்னு சொல்லலாம். அதைக் கேட்டுத்தான் தெரிஞ்சுக்கணும்.

இன்னொண்ணும் கேட்டு வெச்சுக்கிட்டேன். ஆயா வெள்ளிக்கிழமை பாடலீஸ்வரர் கோயிலுக்குப் போயிட்டு வர வரைக்கும் பச்சைத் தண்ணி பல்லில் படாது. மார்கழித் திருவாதிரைக்குச் சிதம்பரத்தில் தரிசனம் முடியுற வரைக்கும் விரதம். அந்த நாட்களில் இந்த மாத்திரையை என்ன பண்றது? 1-0-0 என்ற மூணு எண்ணில் இதுக்குப் பதில் இல்லை. வீட்டு வழக்கம் தெரிஞ்ச நாமதான் டாக்டர்கிட்ட இதைக் கேட்கணும்.

'வெறும் வயித்தில்' என்பதும் இதே கதைதான். தைராய்டு மாத்திரையை வெறும் வயித்தில் போடச் சொல்லுவாங்க. நம்ம வீட்டுப் பெரியவங்க கணக்கில் காபி ஆகாரமே கிடையாது. காபியோடயே மாத்திரையை முழுங்குவாங்க. காபி அந்த மருந்து உடம்பில் சேருறதைக் குறைச்சுடும். 'வெறும் வயித்தில்'னு நிறுத்தாம, ''தண்ணியில மட்டும், காபிக்கு முன்னாடி''ன்னு சொன்னாத்தான் மொழிபெயர்ப்பு முழுசாகும். காபிக்கு எவ்வளவு நேரம் கழிக்கணும்னு கேட்டு அதையும் சேர்த்துச் சொல்லுங்க.

அரை என்றால் அரைக்கணுமா?

நம்ம மொழியில் இன்னும் சில குறும்புக்காரச் சொற்கள் இருக்கு. 'அரை மாத்திரை'ன்னா பாதி. 'அரைச்சுப் போடு'ன்னா பொடி பண்ணி. காது கொஞ்சம் மந்தமா இருக்கிறவங்களுக்கு ரெண்டும் ஒண்ணா கேட்கும். 'பாதி மாத்திரை'ன்னு சொல்லிட்டு, ஒண்ணை உடைச்சுக் காட்டிட்டா வம்பே இல்லை. ஆனா, எல்லா மாத்திரையையும் உடைக்கலாமா? முதல் வரியில் இருக்கே, மெட்ஃபார்மின் எஸ்.ஆர்., அந்த எஸ்.ஆர். எழுத்துக்களுக்கு 'கொஞ்சம் கொஞ்சமா மருந்தை விடும்'னு அர்த்தம். அதை நசுக்கினா, பல மணி நேரத்துக்குப் பிரிச்சு வர வேண்டியது ஒரே நேரத்தில் கொட்டிடும். ஆயா மாத்திரை பெருசா இருக்குன்னு நுணுக்கித் தேனில் குழைச்சுச் சாப்பிடுற ஆள். அதனால அந்த ரெண்டு எழுத்தையும் மொழிபெயர்த்தே ஆகணும்: ''கடிக்கக் கூடாது, பொடிக்கக் கூடாது. முழுசா முழுங்கணும்.''

'படுக்கும்போது'ன்னு ஹெச்.எஸ்.ஸைச் சொன்னா, மதியம் சோறு தின்னுட்டுத் திண்ணையில் சாயுறதும் படுக்கைதான். ''ராத்திரி தூங்கப் போறப்ப''ன்னு சொல்லுங்க.

எல்லாத்தையும் விட நான் வெட்கப்படுற தப்பு வேற. ஞாபகம் இருக்கா? 'மூட்டுவலி மாத்திரை'ன்னு சொன்னேனே, அது! சீட்டில் அப்படி ஒரு சொல்லே கிடையாது. எளிமையா இருக்கட்டும்னு நானா சேர்த்தது. வலி மாத்திரைன்னு பேர் வெச்சா, வலி கூடுற அன்னிக்கு இன்னொண்ணு போடத் தோணும்தானே? மெத்தோட்ரெக்ஸேட் வலி நிவாரணியே இல்லை. வாரக்கணக்கில் மெதுவா நோயை அடக்குற மருந்து. அது போட்டதும் வலி நிக்கலைன்னு இன்னும் ஒண்ணு போடுறது, பதிவான கேஸ்களில் அடிக்கடி வர்ற காரணம். இப்ப எங்க வீட்டில் அதுக்குப் பேர் 'ஞாயித்துக்கிழமை மாத்திரை'. பேரிலேயே அளவு இருக்கு!

புரிஞ்சுதான்னு கேட்காதீங்க

2006-ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு. டெர்ரி டேவிஸ், மைக்கேல் உல்ஃப் உள்ளிட்ட குழு ஒண்ணு, நோயாளிகள்கிட்ட மருந்து லேபிளைக் கொடுத்துப் படிக்கச் சொல்லிச்சு. அதில் ஒரு லேபிள், 'ரெண்டு மாத்திரை, நாளைக்கு ரெண்டு வேளை'. எழுத்தறிவு குறைவா இருந்தவங்களில் பத்துக்கு ஏழு பேர் அதைச் சரியா திருப்பிச் சொன்னாங்க. சரி, ஒரு நாளைக்கு எத்தனை மாத்திரை, எண்ணிக் காட்டுங்கன்னதும் என்ன ஆச்சு? நாலு மாத்திரையை எடுத்துக் காட்டினவங்க கிட்டத்தட்ட மூணில் ஒரு பங்குதான்.

கவனிச்சீங்களா? வாயால திருப்பிச் சொல்றது வேற, கையால எடுக்கிறது வேற. நான் ஆயாகிட்ட ''புரிஞ்சுதா?''ன்னு கேட்டேன். 'ம்'னாங்க. பேரன் சலிச்சுக்கக் கூடாதேன்னு எந்த ஆயாவும் 'ம்'தான் சொல்லுவாங்க.

இப்ப நான் கேட்கிறது வேற மாதிரி. நாலு அட்டையையும் பாயில் பரப்பிடுவேன். ''ஆயா, நாளைக்குத் திங்கட்கிழமை. காலையில எழுந்ததும் என்னென்ன போடுவீங்க, எடுத்துக் காட்டுங்க.'' கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் மட்டும் கைக்கு வரணும். அடுத்து, ''ஞாயித்துக்கிழமைன்னா?'' இப்ப மூணாவதா மெத்தோட்ரெக்ஸேட் சேரணும். ''ஞாயித்துக்கிழமை மறந்துட்டீங்க, செவ்வாய்க்கிழமை ஞாபகம் வருது. என்ன பண்ணுவீங்க?'' சரியான பதில்: ''உங்க அம்மாகிட்ட சொல்லி டாக்டரைக் கேட்பேன். ரெண்டு சேர்த்துப் போட மாட்டேன்.''

முதல் தடவை இந்தப் பரீட்சை வெச்சப்ப, ஆயா திங்கட்கிழமைக்கு ஃபோலிக் ஆசிட்டை எடுத்தாங்க. ரெண்டுமே சின்ன மஞ்சள் மாத்திரை. ஒண்ணு மாறி ஒண்ணு வந்தா ஆபத்து. அதனால மெத்தோட்ரெக்ஸேட்டைத் தனி டப்பாவில் போட்டு அம்மா பீரோவில் வெச்சாச்சு. ஞாயித்துக்கிழமை காலையில் ஒண்ணே ஒண்ணு வெளியில் வரும். அட்டையை வெட்டித் துண்டாக்கலை. வெட்டினா பேரும் காலாவதி தேதியும் போயிடும்.

கண்ணில் படுற இடத்தில் ஒரு தாள்

சாமி படத்துக்குப் பக்கத்தில் இப்ப ஒரு தாள் ஒட்டியிருக்கு. டாக்டர் சீட்டு மருந்து மருந்தா எழுதியிருக்கும். ஆயாவோட நாள் வேளை வேளையா நகருது. அதனால நான் எழுதினது வேளைப்படி:

காலை, இட்லி கைக்கு வந்ததும்: கிளிமிபிரைடு 1.
காலை, இட்லி சாப்பிட்டு முடிச்சதும்: மெட்ஃபார்மின் 1. முழுசா முழுங்கணும்.
ராத்திரி, சாப்பிட்டு முடிச்சதும்: மெட்ஃபார்மின் 1.
ஞாயித்துக்கிழமை மட்டும்: மெத்தோட்ரெக்ஸேட் 1. மத்த ஆறு நாள் கிடையாது.
புதன்கிழமை மட்டும்: ஃபோலிக் ஆசிட் 1. மத்த ஆறு நாள் கிடையாது.
வாய்ப்புண், காய்ச்சல், தொண்டை வலி, தோலில் தடம், வறட்டு இருமல், மூச்சு வாங்கல் வந்தா: அடுத்த ஞாயிறு மாத்திரை போடாம உடனே டாக்டர்.

இதில் மருந்துப் பேரை நான் தமிழாக்கம் பண்ணலை. ஒலியை மட்டும் தமிழில் எழுதி, அட்டையில் இருக்கிற இங்கிலீஷ் பேரையும் பக்கத்திலேயே அப்படியே எழுதி வெச்சேன். ஏன்னா, நடு ராத்திரியில் ஆயாவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனா, அந்தத் தாளைப் படிக்கப் போறது டியூட்டி டாக்டர். அதே காரணத்துக்காக, வேற எந்த டாக்டர்கிட்ட போனாலும் அந்தத் தாள் கூடப் போகுது. சில வலி மாத்திரைகளும் சில கிருமி மாத்திரைகளும் மெத்தோட்ரெக்ஸேட்டோட சேர்ந்தா விஷமாகலாம்.

தாளை எழுதி முடிச்சதும் மெடிக்கலில் இருக்கிற பார்மசிஸ்ட்கிட்ட சீட்டையும் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வெச்சுக் காட்டினேன். ஒவ்வொரு வரியா ஒத்துப் பார்த்துச் சரின்னார். ரெண்டு நிமிஷ வேலை. நானே எழுதி நானே திருத்துறதை விட அது எவ்வளவோ மேல்.

அண்ணாமலை நகரில் எங்க கேம்பஸில் பார்மஸி துறையும் இருக்கு, மொழியியல் துறையும் இருக்கு. பார்மஸி நண்பன்கிட்ட இந்தக் கதையைச் சொன்னப்ப, ''மெத்தோட்ரெக்ஸேட்டா! ரெண்டு நாளா!''ன்னு பதறினான். மொழியியல் தோழிகிட்ட சொன்னப்ப, ''அந்த 'க்கு'வைப் பாரேன்!''னு குஷியாயிட்டா. ஆயாவுக்குத் தேவை ரெண்டு பேரோட அறிவும்தான்.

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். ஞாயித்துக்கிழமை காலை. இட்லியைச் சாப்பிட்டு முடிச்சுக் கையைக் கழுவிட்டு ஆயா கேட்டாங்க. ''ஏன் தம்பி, இன்னிக்கி என்ன கிழமை?''

''நீங்க சொல்லுங்க ஆயா.''

''ஞாயித்துக்கிழமை. பீரோவுல இருந்து ஒண்ணு எடுத்தா. ஒண்ணே ஒண்ணு. அடுத்தது அடுத்த ஞாயித்துக்கிழமைதான்.'' கொஞ்சம் நிறுத்திட்டு, ''இப்ப நீ சொல்லு, உனக்குப் புரிஞ்சுதா?''

'ம்' கொட்டலை பாஸ். எடுத்துக் காட்டினேன்!